பி.எட்., டெட், நியமனத் தேர்வு: தமிழ்நாட்டில் ஆசிரியர் வேலைக்கு எது, எப்போது, எதற்கு?

பி.எட். முடித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்களை இங்கே ஒன்றுசேர்த்திருக்கிறோம். கேள்விகள் அவர்கள் கேட்ட வார்த்தைகளிலேயே இருக்கின்றன. எல்லாமே தமிழ்நாட்டுப் பள்ளிகளைப் பற்றியவை. எளிய கேள்விகள் முதலில் வருகின்றன, சிக்கலானவை பின்னால் வருகின்றன.

பி.எட். முடிச்சாச்சு. அதுவே ஆசிரியர் பட்டம்தானே, அப்புறம் டெட் எதுக்கு?

பி.எட். ஒரு பயிற்சிப் பட்டம். அதைத் தருவது பல்கலைக்கழகம். தமிழ்நாட்டில் பெரும்பாலான கல்லூரிகளுக்குத் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் தருகிறது. டெட் என்பது ஆசிரியர் தகுதித் தேர்வு. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், ஆசிரியர்களின் குறைந்தபட்சத் தகுதியை நிர்ணயிக்கும் பொறுப்பைத் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமத்திடம், அதாவது என்.சி.டி.இ.யிடம் கொடுத்தது. அந்தக் குழுமம் 2010 ஆகஸ்ட் 23 அன்று வெளியிட்ட அறிவிக்கையில், ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரை கற்பிப்பவருக்குப் பயிற்சிப் பட்டத்தோடு டெட் தேர்ச்சியும் வேண்டும் என்று சொன்னது. ஒன்று மற்றொன்றுக்குப் பதிலாகாது, இரண்டும் கையில் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் டெட் நடத்துவது ஆசிரியர் தேர்வு வாரியம். எல்லோரும் டி.ஆர்.பி. என்றே சொல்கிறோம். முதல் தேர்வு 2012 ஜூலையில் நடந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் மிகக் குறைவாக இருந்ததால் அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் நடத்தினார்கள்.

எந்த வகுப்புக்கு என்ன தகுதி வேணும்? இடைநிலை, பட்டதாரி, முதுநிலைன்னு பேரே குழப்புது.

இடைநிலை ஆசிரியர் என்ற பெயரைப் பார்த்து ஒன்பது, பத்தாம் வகுப்பு என்று நினைத்துவிடக் கூடாது. அது பழைய பெயர். இன்று அவர் கையாள்வது 1 முதல் 5ஆம் வகுப்பு வரை. அவருக்குப் பிளஸ் டூவும் தொடக்கக் கல்விப் பட்டயமும் டெட் முதல் தாளும் வேண்டும். அந்தப் பட்டயத்தைத்தான் முன்பு டி.டி.எட். என்றோம், இப்போது டி.எல்.எட். என்கிறோம்.

பட்டதாரி ஆசிரியர், அதாவது பி.டி. அசிஸ்டென்ட், 6 முதல் 10 வரை எடுப்பவர். அவருக்குப் பட்டம், பி.எட்., டெட் இரண்டாம் தாள். டெட் எட்டாம் வகுப்பு வரைக்கும்தானே, ஒன்பது பத்துக்கு எதற்கு என்று கேட்பார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 10 வரை ஒரே பதவி. ஆறாம் வகுப்பு எடுப்பவரே பத்தாம் வகுப்பும் எடுப்பார் என்பதால் அந்தப் பதவிக்கே டெட் கட்டாயமாகிறது. முதுநிலை ஆசிரியர் 11, 12ஆம் வகுப்புகளுக்கு உரியவர். அவருக்கு முதுகலைப் பட்டமும் பி.எட்.டும் வேண்டும், டெட் வேண்டாம்.

என்கிட்ட பி.எட். இருக்கு. முதல் தாளும் எழுதி ஒன்றாம் வகுப்பு டீச்சராப் போகலாமா?

போக முடியாது. 2018 ஜூனில் என்.சி.டி.இ. ஓர் அறிவிக்கை மூலம் பி.எட். பட்டதாரிகளையும் தொடக்க வகுப்புகளுக்கு அனுமதித்தது. வேலையில் சேர்ந்த பிறகு ஆறு மாத இணைப்புப் பயிற்சி முடித்தால் போதும் என்றது. அந்த அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2023 ஆகஸ்ட் 11 அன்று செல்லாது என்று தீர்ப்பளித்தது. சின்னக் குழந்தைக்கு எழுத்தும் எண்ணும் கற்றுக்கொடுப்பதற்கென்றே வடிவமைத்த பயிற்சி பட்டயப் படிப்பில்தான் இருக்கிறது, பி.எட். மேல் வகுப்புகளுக்கானது என்பது தீர்ப்பின் அடிப்படை. அந்தத் தேதிக்கு முன்பே முறையாக நியமனம் பெற்றவர்களுக்கு மட்டும் பிறகு பாதுகாப்புக் கொடுத்தார்கள்.

கேந்திரிய வித்யாலயாவின் தொடக்க ஆசிரியர் பணிக்கும் இதே நிலைதான். தொடக்க வகுப்புதான் உங்கள் விருப்பம் என்றால், பி.எட்.டுக்குப் பணம் கட்டுவதற்கு முன்பே பட்டயப் படிப்பை யோசியுங்கள்.

இரண்டாம் தாள்ல என்னென்ன வரும்? நான் பி.ஏ. தமிழ், கணக்கு எழுதணுமா?

மொத்தம் 150 கேள்விகள், 150 மதிப்பெண், தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பது கிடையாது. குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும் 30, மொழி 30, ஆங்கிலம் 30. மீதி 60 மதிப்பெண்ணுக்குக் கணிதம்-அறிவியல் அல்லது சமூக அறிவியல், இரண்டில் ஒன்று. கணித, அறிவியல் பட்டதாரிகள் முதலாவதையும் வரலாறு, புவியியல் பட்டதாரிகள் இரண்டாவதையும் எழுத வேண்டும். தமிழ், ஆங்கிலப் பட்டதாரிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். பெரும்பாலோர் சமூக அறிவியலை எடுக்கிறார்கள், அது சரியான முடிவுதான்.

பலர் சறுக்கும் இடம் குழந்தை வளர்ச்சிப் பகுதி. பி.எட்.டில் படித்ததுதானே என்று விட்டுவிடுகிறார்கள். பி.எட். தேர்வில் பியாஜே, வைகாட்ஸ்கி பற்றி ஐந்து பக்கம் எழுதினால் மதிப்பெண் வந்துவிடும். டெட்டில் ஒரு வகுப்பறைச் சூழலைக் கொடுத்து, இது எந்த வளர்ச்சி நிலை, ஆசிரியர் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று கேட்பார்கள். படித்ததைப் பொருத்திப் பார்க்கத் தெரியாவிட்டால் 30இல் 15ஐத் தாண்டுவது கடினம். அங்கே விட்ட மதிப்பெண்ணைப் பாடப் பகுதியில் எடுத்துச் சரிக்கட்டுவது அதைவிடக் கடினம்.

பாஸ் மார்க் 90ஆ, 82ஆ? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

பொதுப் பிரிவுக்கு 60 விழுக்காடு, அதாவது 90. இது தொடக்கத்திலிருந்தே மாறவில்லை. இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 2014இல் தமிழ்நாடு அரசு ஐந்து விழுக்காடு தளர்வு கொடுத்தது. 150இல் 55 விழுக்காடு என்பது 82.5, அதை 82 என்று எடுத்துக்கொண்டார்கள். 82 என்ற எண் அங்கிருந்து வந்ததுதான். அந்தத் தளர்வை எதிர்த்து வழக்கு நடந்து, 2016 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றது.

பிரிவுவாரியான தளர்வை நிர்ணயிப்பது மாநில அரசு என்பதால் அது நிலையான எண் அல்ல. நீங்கள் எழுதிய தேர்வுக்கு எந்த அரசாணை பொருந்தும் என்பதை அந்தத் தேர்வின் அறிவிக்கையிலேயே பாருங்கள். வேறு ஆண்டில் எழுதிய நண்பரின் கணக்கு உங்களுக்குப் பொருந்தாமல் போகலாம்.

பி.எட். இரண்டாம் வருஷம் படிக்கிறேன். இப்பவே டெட் எழுதலாமா, முடிச்சிட்டுத்தான் எழுதணுமா?

இறுதியாண்டில் இருந்தே எழுதலாம். தமிழ்நாட்டில் டெட் ஆண்டுதோறும் தவறாமல் நடப்பதில்லை. 2013க்குப் பிறகு 2017, 2019, 2022, 2025 என்று இடைவெளி விட்டே அறிவிக்கை வந்திருக்கிறது. வாய்ப்பு வரும்போது விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. எனவே இறுதியாண்டிலேயே எழுதிவிடுவது நல்லது.

ஆனால் ஒன்று. டெட்டில் தேர்ச்சி பெற்று பி.எட்.டில் ஒரு தாள் நிலுவையில் இருந்தால், அந்தத் தாளை முடிக்கும்வரை டெட் சான்று வெறும் காகிதம்தான். டெட்டுக்கு உள்ள இந்தச் சலுகை, டெட்டில் தேர்ச்சி பெற்றவர்களை வேலைக்கு எடுக்கத் தனியாக நடத்தும் நியமனத் தேர்வுக்குக் கிடையாது. அதற்கு விண்ணப்பிக்க அறிவிக்கை குறிப்பிடும் நாளுக்குள் பட்டம், பி.எட்., டெட் எல்லாம் முடிந்திருக்க வேண்டும். தேர்வு எழுதிவிட்டேன், முடிவு மட்டும் வரவில்லை என்பது அங்கே எடுபடாது.

2013ல பாஸ் பண்ணினேன். ஏழு வருஷம்தான் செல்லும்னாங்க. சர்டிபிகேட் காலாவதி ஆயிடுச்சா?

இல்லை. முதலில் ஏழாண்டு என்றுதான் வைத்திருந்தார்கள். 2021 ஜூனில் அதை வாழ்நாள் முழுவதும் செல்லும் என்று மாற்றி, 2011 முதல் வழங்கிய சான்றுகளுக்கும் பொருந்தும் என்று அறிவித்தார்கள். உங்கள் சான்றில் ஏழாண்டு என்று அச்சாகியிருந்தாலும் அது செல்லும். மறுபடி எழுதத் தேவையில்லை.

டெட் பாஸ் பண்ணிப் பத்து வருஷம் ஆச்சு. ஏன் இன்னும் போஸ்டிங் போடலை?

டெட் தகுதியை மட்டுமே தருகிறது. அதுவே நியமனப் பட்டியல் ஆகாது. இதைச் சொல்வது எளிது, பத்தாண்டு காத்திருந்தவருக்குக் கேட்பது கடினம் என்பது எங்களுக்குத் தெரியும். ஏனென்றால் ஒரு காலத்தில் டெட் மதிப்பெண்ணே வேலையைத் தீர்மானித்தது, அந்த நம்பிக்கையில்தான் பலர் எழுதினார்கள்.

2014இல் வந்த வெயிட்டேஜ் முறைப்படி பட்டதாரி ஆசிரியருக்குப் பிளஸ் டூவுக்கு 10, பட்டத்துக்கு 15, பி.எட்.டுக்கு 15, டெட்டுக்கு 60 என நூறு மதிப்பெண். ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பிளஸ் டூவில் 80, பட்டத்தில் 70, பி.எட்.டில் 80 விழுக்காடு எடுத்தவர் டெட்டில் 95 வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு 8, 10.5, 12, 38 சேர்ந்து 68.5. இன்னொருவர் டெட்டில் 90தான், ஆனால் பிளஸ் டூ 95, பட்டம் 85, பி.எட். 90. அவருக்கு 9.5, 12.75, 13.5, 36 சேர்ந்து 71.75. டெட்டில் ஐந்து மதிப்பெண் குறைவாக எடுத்தவர் முன்னால் போய்விடுகிறார். பிளஸ் டூவில் மதிப்பெண்ணை அள்ளிப் போடாத காலத்தில் படித்த மூத்தவர்கள்தான் இதில் அடிபட்டார்கள். அவர்களுடைய குறை நியாயமானது.

2018 ஜூலையில் அரசாணை 149 மூலம் வெயிட்டேஜ் முறை போனது. டெட்டில் தேர்ச்சி பெற்றவர்களுக்குத் தனியாகப் போட்டித் தேர்வு நடத்தி நியமிப்பது என்றார்கள். ஆனால் அந்தப் போட்டித் தேர்வு நடந்தது 2024இல்தான். பட்டதாரி ஆசிரியருக்குப் பிப்ரவரியில், இடைநிலை ஆசிரியருக்கு ஜூலையில். இடையில் போன ஆண்டுகளுக்குக் காரணம் தேர்வர்கள் அல்ல. இன்றைய நிலை இதுதான்: நியமனத் தேர்வு எழுதாமல் டெட் சான்றை மட்டும் வைத்துக்கொண்டு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியராக முடியாது.

அந்த நியமனத் தேர்வு டெட் மாதிரியேதான் இருக்குமா?

இருக்காது. டெட்டில் உங்கள் பாடம் ஒரு பகுதி மட்டுமே. பட்டதாரி ஆசிரியர் நியமனத் தேர்வில் 150 கேள்வியும் உங்கள் பாடத்திலிருந்தே வரும். இயற்பியல் ஆசிரியருக்கு இயற்பியல், தாவரவியல் ஆசிரியருக்குத் தாவரவியல். ஆறு முதல் பத்தாம் வகுப்புப் புத்தகத்தை மட்டும் புரட்டிவிட்டுப் போனவர்கள் திணறினார்கள். பட்டப்படிப்பு அளவுக்குப் படித்தே ஆக வேண்டும்.

அதற்கு முன்னால் தமிழ் மொழித் தகுதித் தேர்வு என்று ஒரு பகுதி உண்டு. 30 கேள்வி, 50 மதிப்பெண். அதில் 40 விழுக்காடு, அதாவது 20 எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் பாடப் பகுதியைத் திருத்தவே மாட்டார்கள். இந்த 50 தரவரிசையில் சேராது. அதனாலேயே சிலர் அலட்சியமாக விடுகிறார்கள். ஆங்கில வழியில் படித்தவர்களும் பிற மாநிலத்தில் பட்டம் பெற்றவர்களும் இதற்குப் பத்தாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை இலக்கணத்தோடு ஒருமுறை முழுமையாகப் படித்துவிட வேண்டும்.

எம்.எஸ்சி., பி.எட். இருக்கு. டெட்ல 79தான். எனக்கு அரசு வேலையே கிடையாதா?

உண்டு. முதுநிலை ஆசிரியர் தேர்வுக்கு டெட் தேவையில்லை என்று மேலே சொன்னோம். அதற்கான டி.ஆர்.பி. தேர்வில் பாடம் 110, கல்வியியல் 30, பொது அறிவு 10 என 150 மதிப்பெண். தமிழ்த் தகுதிப் பகுதி இங்கும் உண்டு, அதே விதிதான்.

இங்கே பார்க்க வேண்டியது பாடப் பொருத்தம். பி.எஸ்சி. கணிதம் படித்துவிட்டு எம்.எஸ்சி. இயற்பியல் முடித்தால் இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொள்வீர்கள். இளநிலையும் முதுநிலையும் ஒரே பாடமாகவோ, அரசாணைப்படி இணையான பாடமாகவோ இருக்க வேண்டும். இதைத் தெரியாமல் இரண்டு வருடமும் பணமும் செலவழித்து வந்தவர்கள் பலர். முதுகலையில் சேரும் முன்னால் கேட்டிருந்தால் தப்பித்திருப்பார்கள்.

பி.காம்., பி.எட். முடிச்சேன். டெட்டுக்கு எந்தப் பாடம் எடுக்கறது?

பி.காம். பட்டத்துக்கு அரசுப் பள்ளியில் பட்டதாரி ஆசிரியர் பணியிடமே கிடையாது. தமிழ், ஆங்கிலம், கணிதம், இயற்பியல், வேதியியல், தாவரவியல், விலங்கியல், வரலாறு, புவியியல், இவற்றோடு சிறுபான்மை மொழிகள், இவ்வளவுதான். வணிகவியலும் பொருளியலும் கணினி அறிவியலும் பதினொன்றாம் வகுப்பில்தான் தனிப் பாடமாக வருகின்றன. எனவே நீங்கள் எம்.காம். முடித்து முதுநிலை ஆசிரியர் தேர்வு எழுத வேண்டும். கணினி அறிவியலிலும் முதுநிலைப் பட்டமும் பி.எட்.டும் கேட்கிறார்கள்.

கல்லூரிகள் இதை யாருக்கும் சொல்லாமல் பி.எட்.டில் சேர்த்துக்கொள்கின்றன என்பது எங்களுக்கு உண்மையிலேயே வருத்தம். சேர்க்கைக்குத் தகுதி இருக்கிறது என்பதால் பணியிடம் இருக்கிறது என்று ஆகாது.

எல்லாத் தேர்வும் பாஸ், சான்றிதழ் சரிபார்ப்புல தள்ளிட்டாங்க. எதனால அப்படி ஆகுது?

பெரும்பாலும் மூன்று இடங்களில் ஆகிறது. முதலாவது, படித்த வரிசை. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, மூன்றாண்டுப் பட்டம் என்ற வரிசையில் படித்திருக்க வேண்டும். பிளஸ் டூ இல்லாமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை அரசு வேலைக்கு ஏற்பதில்லை என்று 2009 ஆகஸ்ட் அரசாணை 107 சொல்கிறது. ஏற்கெனவே ஒரு பட்டம் வைத்துக்கொண்டு ஓராண்டில் பெற்ற இரண்டாவது பட்டமும் இதேபோல் மாட்டும்.

இரண்டாவது, பாடத்தின் பெயர். ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவர் பட்டம் பி.எஸ்சி. பயன்பாட்டு வேதியியல் என்று இருக்கிறது. அவர் வேதியியல் பட்டதாரி ஆசிரியருக்கு விண்ணப்பிக்கிறார். கல்லூரியில் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லியிருப்பார்கள். டி.ஆர்.பி. கேட்பது அந்தப் பல்கலைக்கழகத்தின் அந்தப் பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்பதைத்தான். அரசாணை எண் இருந்தால் நகலைக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். இல்லாவிட்டால், தேர்ச்சி பெற்ற பிறகு உயர்கல்வித் துறைக்கு எழுதி வாங்க நேரம் இருக்காது. பட்டப் பெயரில் கூடுதலாக ஒரு சொல் இருந்தாலே இதை முன்கூட்டியே பாருங்கள்.

மூன்றாவது, தமிழ் வழிச் சான்று. தமிழ் வழியில் படித்தவர்களுக்கான 20 விழுக்காடு ஒதுக்கீட்டைக் கேட்டு விண்ணப்பித்தால், 2020இல் திருத்திய சட்டப்படி ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்ததெல்லாம் தமிழ் வழியில் என்று ஒவ்வொரு பள்ளியிலும் கல்லூரியிலும் சான்று வாங்க வேண்டும். மூன்றாம் வகுப்பு மட்டும் வேறு பள்ளியில் படித்திருந்தால் அந்தப் பள்ளிச் சான்றும் தனியாக வேண்டும். பி.எட்.டை ஆங்கில வழியில் படித்திருந்தால் அந்த இடத்தில் சங்கிலி அறுந்துவிடும். விண்ணப்பத்தில் ஆம் என்று குறிக்கும் முன் எல்லாச் சான்றும் கையில் இருக்கிறதா என்று பாருங்கள்.

பி.எட். வெளி மாநிலத்துல, வகுப்புக்குப் போகாமலே வாங்கித் தர்றேங்கறாங்க. செல்லுமா?

வேண்டாம். இரண்டாண்டு பி.எட்.டில் 20 வாரம் பள்ளியில் கற்பித்தல் பயிற்சி கட்டாயம். வகுப்புக்கே வராதவருக்கு அந்தப் பயிற்சியை எந்தக் கல்லூரியும் நேர்மையாகத் தர முடியாது. வேலையில் சேர்ந்த பிறகு ஒவ்வொரு சான்றையும் அதை வழங்கிய நிறுவனத்துக்கு அனுப்பி உண்மைத்தன்மை கேட்பார்கள். அங்கிருந்து பதில் சரியாக வராவிட்டால் வேலை போவதோடு வழக்கும் வரும்.

எந்த மாநிலமானாலும் கல்லூரிக்கு நீங்கள் சேரும் ஆண்டில் என்.சி.டி.இ. அங்கீகாரம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். பல்கலைக்கழக இணைப்பு மட்டும் இருந்தால் போதாது. தொலைநிலைக் கல்வியில் வரும் பி.எட். அடிப்படையில் ஏற்கெனவே தொடக்கக் கல்விப் பயிற்சி முடித்து வேலையில் இருப்பவர்களுக்கானது. பட்டம் முடித்தவுடன் புதிதாகச் சேருபவர்களுக்கு அது பொருந்தாது.

சி-டெட் பாஸ் பண்ணியிருக்கேன். அதை வச்சு தமிழ்நாடு அரசுப் பள்ளிக்குப் போகலாமா?

போக முடியாது. மாநில அரசுப் பள்ளிக்கும் உதவிபெறும் பள்ளிக்கும் மாநிலம் நடத்தும் டெட்தான். சி-டெட்டை சி.பி.எஸ்.இ. நடத்துகிறது, கேந்திரிய வித்யாலயா போன்ற மத்திய அரசுப் பள்ளிகளுக்கு அது வேண்டும். பள்ளி மானியம் வாங்காத தனியார் பள்ளி இரண்டில் எதை வேண்டுமானாலும் ஏற்கலாம் என்று 2011 பிப்ரவரியில் வந்த டெட் நெறிமுறைகள் சொல்கின்றன.

இந்த வித்தியாசத்தால் ஒரு நன்மை உண்டு. மாநில டெட்டுக்கு நீண்ட இடைவெளி வரும் காலத்தில், தனியார் சி.பி.எஸ்.இ. பள்ளியில் வேலை தேடுபவருக்குச் சி-டெட் கைகொடுக்கும். அதன் அமைப்பும் 150 மதிப்பெண்தான், தமிழை மொழியாக எடுக்கலாம், பொதுப் பிரிவுக்கு 90 வேண்டும்.

மெட்ரிக் பள்ளியில வேலை பாக்கறேன். எங்க பள்ளில யாருமே டெட் பாஸ் பண்ணலை. தனியாருக்கு இது பொருந்தாதா?

பொருந்தும். கல்வி உரிமைச் சட்டத்தில் பள்ளி என்ற சொல்லுக்குள் மானியம் பெறாத தனியார் பள்ளியும் அடங்குகிறது. எட்டாம் வகுப்பு வரை எடுப்பவருக்கு டெட் வேண்டும். ஒன்பது முதல் பன்னிரண்டு வரை மட்டும் எடுப்பவருக்கு, உரிய பட்டமும் பி.எட்.டும் போதும்.

நடைமுறையில் பல பள்ளிகள் கேட்பதில்லை. ஆனால் பின்விளைவு நிர்வாகத்தைவிட ஆசிரியரையே அதிகம் பாதிக்கும். அங்கீகாரப் புதுப்பிப்பு ஆய்வில் தகுதிப் பட்டியல் கேட்டால் முதலில் வெளியேற்றுவது தகுதி இல்லாதவரைத்தான். கல்வி உரிமைச் சட்டத்தின் 2017 திருத்தம், 2015 மார்ச் 31 நிலவரப்படி பணியில் இருந்த தகுதி இல்லாதவர்களுக்கு 2019 மார்ச் வரை அவகாசம் கொடுத்தது. அது எப்போதோ முடிந்துவிட்டது. ஆறு முதல் எட்டு வரை எடுத்துக்கொண்டிருந்தால் டெட்டோ சி-டெட்டோ, எது முதலில் வருகிறதோ அதை எழுதிவிடுங்கள்.

உதவிபெறும் பள்ளியில நிர்வாகமே ஆர்டர் கொடுத்திடுச்சு. சம்பளம் வந்திடும்தானே?

நிர்வாகத்தின் ஆணை மட்டும் போதாது. அரசுச் சம்பளம் வர, கல்வித் துறை அந்த நியமனத்துக்கு ஒப்புதல் தர வேண்டும். ஒப்புதலுக்கு முன் இரண்டு விஷயம் பார்ப்பார்கள். மாணவர் எண்ணிக்கைப்படி அந்த இடம் உண்மையிலேயே அனுமதிக்கப்பட்ட பணியிடமா என்பது ஒன்று. நியமிக்கப்பட்டவருக்கு, நியமன நாளில், பட்டம், பி.எட்., டெட் எல்லாம் இருந்ததா என்பது இன்னொன்று. பிறகு தேர்ச்சி பெற்றால் பழைய தேதியிலிருந்து ஒப்புதல் கிடைக்கும் என்று எண்ணிச் சேராதீர்கள். அப்படிச் சேர்ந்தவர்கள் ஆண்டுக்கணக்கில் சம்பளமில்லாமல் நீதிமன்றத்துக்கு அலைகிறார்கள். சேரும் முன்பே பணியிட நிர்ணய ஆணையின் நகலைக் கேளுங்கள். உண்மையான காலியிடமாக இருந்தால் நிர்வாகம் தயங்காமல் காட்டும்.

2005லயே வேலைக்குச் சேர்ந்துட்டேன். அப்ப டெட்டே கிடையாது. இப்ப நானும் எழுதணுமா?

உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று சொன்னபடி, ஓய்வு பெற ஐந்தாண்டுக்கு மேல் இருக்கும் பணியிலுள்ள ஆசிரியர்கள் இரண்டாண்டுக்குள் டெட் தேர்ச்சி பெற வேண்டும். பெறாவிட்டால் பணியிலிருந்து விலக நேரிடும். உரிய பணிக்காலம் இருந்தால் ஓய்வுப் பலன்கள் கிடைக்கும். ஐந்தாண்டோ அதற்குக் குறைவாகவோ இருப்பவர்கள் தேர்ச்சி இல்லாமலே ஓய்வுவரை தொடரலாம், ஆனால் பதவி உயர்வு கிடையாது. பதவி உயர்வுக்கு டெட் கட்டாயம் என்பதை 2023 ஜூனிலேயே சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது.

தமிழ்நாடு அரசு இந்தத் தீர்ப்பை மறுஆய்வு செய்யக் கேட்டுப் போயிருக்கிறது. அதன் முடிவை எதிர்பார்த்துப் படிக்காமல் இருக்காதீர்கள். ஐந்தாம் வகுப்புவரை எடுப்பவருக்கு முதல் தாள், ஆறு முதல் எட்டு எடுப்பவருக்கு இரண்டாம் தாள். இடைநிலை ஆசிரியர் பட்டதாரி ஆசிரியராகப் பதவி உயர்வு பெற விரும்பினால் இரண்டாம் தாளும் வேண்டும், இரண்டையும் ஒரே சுற்றில் எழுதலாம்.

நான் சிறுபான்மைப் பள்ளியில இருக்கேன். எனக்கு இது இல்லைன்னு நிர்வாகம் சொல்லுது. நம்பலாமா?

தற்போதைக்கு அது சரி. 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு, கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது என்றது. 2025 தீர்ப்பு, அந்த நிலைப்பாட்டை மறுபடி பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பெரிய அமர்வுக்கு அனுப்பியிருக்கிறது. முடிவு வரும்வரை சிறுபான்மைப் பள்ளி ஆசிரியருக்கு இந்த இரண்டாண்டுக் கெடு ஓடாது.

இந்த விலக்கு பள்ளிக்கு உரியது, உங்களுக்கு உரியது அல்ல. நாளை அங்கிருந்து விலகி வேறு உதவிபெறும் பள்ளிக்குப் போனால், அன்று உங்களிடம் டெட் கேட்பார்கள். பள்ளியின் சிறுபான்மை அந்தஸ்தையும் வாய்மொழியாக நம்பாமல் ஆணையாகப் பாருங்கள். பெயரில் ஒரு புனிதர் இருப்பதால் மட்டும் பள்ளிக்குச் சிறுபான்மை அந்தஸ்து வந்துவிடாது.

வயசு 47. இனிமே எழுதிப் பிரயோசனம் உண்டா?

உண்டு. டெட்டுக்கு மேல் வயது வரம்பே கிடையாது. நியமனத் தேர்வுக்கு 2023இல் அரசு வரம்பைப் பொதுப் பிரிவுக்கு 53, மற்றவர்களுக்கு 58 என்று உயர்த்தியது. அதற்கு முன் ஒரு கட்டத்தில் 40, 45 என்று வைத்திருந்ததால் பலர் தங்களைத் தாங்களே விலக்கிக்கொண்டு, வரம்பு உயர்ந்தது தெரியாமலே இருக்கிறார்கள். 47 வயதில் உங்களுக்கு இன்னும் இடம் இருக்கிறது. அறிவிக்கை வந்ததும் trb.tn.gov.in தளத்தில் வயது எந்த நாளை வைத்துக் கணக்கிடப்படுகிறது என்பதை முதலில் பாருங்கள், பிறகு பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பிறந்த தேதியையும் பெயரின் எழுத்துகளையும் ஆதாரோடு ஒப்பிட்டுவிட்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.